சம்பள ஏற்றம் நிறுத்தப்பட்டால் எங்கே முறையிடலாம்?

(தோட்டத் தலைவர், தலைவிமார்களுக்கான தொழிற்சங்கக் கல்வி வகுப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இன்றைய வகுப்புக்கு எடுத்துக்கொண்ட விடயம் நம்மில் பலருக்குப் புதிது. நாட்சம்பளத்துக்கு மலையேறுகிற நமக்கு 'பேர்' தெரியும், 'அரைப்பேர்' தெரியும், கொழுந்து நிறுக்கும்போது கழிக்கும் கிலோவும் தெரியும். ஆனால் இன்று நமது லயங்களிலிருந்து படித்து வெளியேறிய பிள்ளைகள் வெளிக்கள உத்தியோகத்தராக, தொழிற்சாலை உத்தியோகத்தராக, ஆபிஸ் கிளாக்கராக, சிறுவர் அபிவிருத்தி உத்தியோகத்தராக மாதச் சம்பளத்தில் இருக்கிறார்கள். இன்னும் பலர் டவுன்களிலும் கொழும்பிலும் கம்பெனிகளில் வேலை செய்கிறார்கள். அவர்களுக்கு 'பேர்' இல்லை. வருடத்துக்கு ஒரு தடவை ஒரு படிவம் வருகிறது. அதில் மேலதிகாரி மதிப்பெண் போடுகிறார். மதிப்பெண் குறைந்தால் அந்த வருட இன்கிரிமென்ட், அதாவது சம்பள ஏற்றம், கிடைப்பதில்லை.

அப்படி நின்றுபோனால் அந்தப் பிள்ளை வீட்டுக்கு வந்து சொல்லும். வீட்டார் தலைவரிடம் வருவார்கள். "இதுக்கு கேஸ் போடலாமா தலைவரே?" என்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்குச் சரியான பதிலை நாம் தெரிந்து வைத்திருக்க வேண்டும். பதில் இதுதான்: முறையிடலாம், சட்டத்தில் இடம் இருக்கிறது. ஆனால் 'எனக்கு மதிப்பெண் போதாது' என்பது முறைப்பாடாகாது. 'இந்த மதிப்பெண் இந்தப் பிழையான தகவலின் மேல் போடப்பட்டது' என்பதுதான் முறைப்பாடு. இந்த வித்தியாசத்தை விளங்கிக்கொள்ளத்தான் இன்று கூடியிருக்கிறோம்.

முதலில், இதில் போகிற பணம் எவ்வளவு என்று பார்ப்போம். பலர் இதைச் சின்ன விடயம் என்று விட்டுவிடுகிறார்கள். மாதம் 1,200 ரூபா சம்பள ஏற்றம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு வருடம் அது நிற்கிறது. 'சரி, வருடத்துக்கு 14,400 ரூபாதானே, அடுத்த வருடம் பார்க்கலாம்' என்று நினைப்பது பிழை. அடுத்த வருடம் கிடைப்பது அடுத்த வருட ஏற்றம். நின்றுபோன படி நின்றதுதான். மற்றவர்கள் ஒரு படி மேலே போக, இவர் ஓய்வு பெறும்வரை ஒரு படி கீழேயே ஏறிக்கொண்டிருப்பார்.

அந்தப் பிள்ளைக்கு இன்னும் 12 வருட சேவை இருந்தால், மாதம் 1,200 ரூபா வீதம் 1,72,800 ரூபா சம்பளத்தில் குறைகிறது. அந்தத் தொகைக்கு முதலாளி கட்டவேண்டிய ஊழியர் சேமலாப நிதி 12 வீதம். அது 20,736 ரூபா. ஊழியர் நம்பிக்கை நிதி 3 வீதம். அது 5,184 ரூபா. கடைசியில் பணிக்கொடை வரும். மாதச் சம்பளக்காரருக்குச் சேவை செய்த ஒவ்வொரு வருடத்துக்கும் கடைசிச் சம்பளத்தில் அரை மாதச் சம்பளம். மொத்தச் சேவை 20 வருடம் என்றால், அந்த 1,200 ரூபாவில் பாதி 600 ரூபா, இருபது தடவை 12,000 ரூபா. எல்லாம் கூட்டினால் 2,10,720 ரூபா. ஒரு வருடம் ஒரு படிவத்தில் விழுந்த ஒரு மதிப்பெண்ணின் விலை அது. இந்தக் கணக்கை மறந்துவிடாதீர்கள். பேச்சுவார்த்தை முடிகிற இடத்தில் இது மறுபடியும் தேவைப்படும்.

இனி, சம்பள ஏற்றம் எங்கே எழுதப்பட்டிருக்கிறது என்று பார்க்க வேண்டும். ஒரு பிள்ளை முறைப்பாட்டோடு வந்தால் நீங்கள் கேட்கவேண்டிய முதல் கேள்வி 'துரை என்ன சொன்னார்?' என்பதல்ல. 'நியமனக் கடிதத்தைக் கொண்டு வா' என்பதுதான். அந்தக் கடிதத்தையும், அந்த வேலைக்குப் பொருந்துகிற கூட்டு ஒப்பந்தம் இருந்தால் அதையும் வாசித்தால், மூன்று விதமான எழுத்தில் ஏதாவது ஒன்று இருக்கும்.

முதலாவது விதம்: சம்பளத் திட்டம் படிபடியாக எழுதப்பட்டு, ஒவ்வொரு வருடமும் இவ்வளவு ஏற்றம் என்று நிர்ணயிக்கப்பட்டிருக்கும். இங்கே நம் கை பலமானது. கைத்தொழில் பிணக்குச் சட்டத்தின் கீழ் வர்த்தமானியில் வெளியான கூட்டு ஒப்பந்தத்தில் அப்படி இருந்தால், அந்த ஒப்பந்தத்தின் நிபந்தனைகள் அதற்கு உட்பட்ட ஒவ்வொருவரின் வேலை ஒப்பந்தத்துக்குள்ளும் தானாக வந்துவிடுகின்றன. கம்பெனி பின்னால் ஒரு மதிப்பீட்டுப் படிவத்தைக் கொண்டுவந்து, 'இதில் பாஸானால்தான் ஏற்றம்' என்று தன் இஷ்டத்துக்குச் சொல்ல முடியாது. ஒப்பந்தத்தை மீறுவது சட்டப்படி குற்றமும் ஆகும்.

இரண்டாவது விதம்: 'திருப்திகரமான சேவைக்கு உட்பட்டு வருடாந்தச் சம்பள ஏற்றம்' என்று எழுதியிருக்கும். மிக அதிகமாகக் காண்பது இதுதான். இங்கே ஏற்றம் தானாக வராது, மதிப்பீடு செய்யக் கம்பெனிக்கு உரிமை உண்டு. ஆனால் 'திருப்திகரம்' என்பதற்கு ஓர் அளவுகோல் இருக்க வேண்டும். அது முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். எல்லோருக்கும் ஒரே மாதிரிப் பாவிக்கப்பட்டிருக்க வேண்டும். இந்த வாசல் பாதி திறந்த வாசல். நம்முடைய வழக்குகளில் பெரும்பகுதி இங்கேதான் நடக்கும்.

மூன்றாவது விதம்: 'கம்பெனியின் விருப்பத்தின் பேரில்' கொடுக்கப்படும் போனஸ், ஊக்கத்தொகை. இதை உரிமை என்று கேட்பது கடினம். மற்ற எல்லோருக்கும் கொடுத்து ஒருவருக்கு மட்டும் மறுத்தால், அந்தப் பாரபட்சத்தைப் பேசலாம். அதற்கு மேல் பெரிய எதிர்பார்ப்பு வைக்க வேண்டாம்.

இதற்கு அப்பால் இன்னொன்று உண்டு. சில நேரம் ஏற்றத்தை நிறுத்துவது மதிப்பீடே அல்ல, தண்டனை. 'நீ அன்றைக்கு எதிர்த்துப் பேசினாய்' என்பதற்காக மதிப்பெண்ணைக் குறைத்திருப்பார்கள். தண்டனை என்றால் குற்றச்சாட்டை எழுத்தில் கொடுத்து, விளக்கம் கேட்டு, விசாரணை வைத்த பிறகே கொடுக்க வேண்டும் என்று நாம் வாதாடலாம். மதிப்பீட்டுப் படிவத்தின் பின்னால் தண்டனையை ஒளித்துவைக்க இடம் கொடுக்கக் கூடாது. சங்க வேலை செய்ததற்காக மதிப்பெண் குறைந்ததென்றால் அது இன்னும் பாரதூரமானது. 1999இல் கைத்தொழில் பிணக்குச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட நீதியற்ற தொழில் நடைமுறைகள் பற்றிய பகுதி, தொழிற்சங்க நடவடிக்கைகளில் முதலாளி தலையிடுவதைத் தடைசெய்கிறது. ஆனால் வெறும் சந்தேகம் போதாது. சங்கத்தில் பொறுப்பேற்பதற்கு முந்திய வருடங்களின் மதிப்பெண்ணையும் பிந்திய மதிப்பெண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்ட முடிய வேண்டும்.

இனி ஒரு வழக்கை முழுமையாகப் பார்ப்போம். கணக்கு விளங்குவதற்காக நாமே அமைத்துக்கொண்ட வழக்கு இது. ஆனால் இதில் வருகிற பிழை தோட்டத்தில் வேலை தெரிந்த எவருக்கும் விளங்கக்கூடியது.

நமது லயத்துப் பிள்ளை ஒருத்தி ஒரு டிவிசனில் வெளிக்கள உத்தியோகத்தர். அந்த டிவிசனில் பறிக்கிற மலை 60 ஹெக்டேயர். ஹெக்டேயருக்கு வருடம் 1,200 கிலோ தேயிலைத்தூள் என்று கம்பெனி இலக்கு வைத்தது. ஆகவே அவளுக்குக் கொடுத்த இலக்கு 72,000 கிலோ. வருட முடிவில் வந்தது 64,000 கிலோ. இலக்கில் 89 வீதம் மாத்திரம்.

மதிப்பீட்டுப் படிவம் நூறு புள்ளிக்கானது. அறுபது எடுத்தால்தான் சம்பள ஏற்றம். விளைச்சலுக்கு மட்டும் 40 புள்ளி. இலக்கில் 90 வீதத்துக்குக் குறைந்தால் 10 புள்ளி, 90 தொடக்கம் 100 வீதம் வரை 25 புள்ளி, இலக்கைத் தாண்டினால் 40 புள்ளி. அவளுக்கு விளைச்சலில் 10. வரவுக்கு இருபதில் 18. செக்ரோலும் மற்றப் பதிவுகளும் ஒழுங்காக வைத்ததற்கு இருபதில் 16. 'தலைமைப் பண்பு' என்ற தலைப்பில் இருபதில் 8. மொத்தம் 52. ஏற்றம் இல்லை.

படிவத்தைப் பார்த்ததும் அந்தப் பிள்ளைக்கு எது வலிக்கும்? 'தலைமைப் பண்பு 8' என்பதுதான். 'பெரட்டுக்களத்தில் நூறு பேரை நான் வேலைக்கு அனுப்புகிறேன், எனக்கா தலைமைப் பண்பு இல்லை?' என்று கேட்பாள். கோபம் நியாயமானது. ஆனால் முறைப்பாட்டை அந்த இடத்தில் தொடங்கினால் தோற்றுவிடுவோம். தலைமைப் பண்பு எட்டா பன்னிரண்டா என்பது துரையின் அபிப்பிராயம். நாம் பன்னிரண்டு என்போம், அவர் எட்டு என்பார். நடுவில் உட்காருகிறவர், 'இது மேலதிகாரி பார்த்துச் சொல்லவேண்டிய விடயம்' என்று விட்டுவிடுவார். தொழில் திணைக்கள உத்தியோகத்தரோ நடுத்தீர்ப்பாளரோ துரையின் நாற்காலியில் உட்கார்ந்து மறுபடி மதிப்பெண் போட விரும்பமாட்டார்கள்.

விளைச்சல் அப்படியல்ல. அது எண், எண்ணைச் சரிபார்க்கலாம். அந்த வருடம் அந்த டிவிசனில் 12 ஹெக்டேயர் மலை கவ்வாத்துக்குப் போனது. கவ்வாத்து வெட்டிய மலையில் புதுத் தளிர் வந்து, மட்டத்துக்கு ஏறி, மறுபடி கொழுந்து எடுக்கும்வரை மாதக்கணக்கில் ஒரு கிலோவும் வராது. இந்த மலையில் ஐந்து மாதம் கொழுந்து எடுக்கவில்லை. ஹெக்டேயருக்கு மாதம் 100 கிலோ வீதம், 12 ஹெக்டேயருக்கு ஐந்து மாதத்தில் 6,000 கிலோ. கவ்வாத்து வெட்டச் சொன்னது கம்பெனி. வெட்டுகிற வேலையை மேற்பார்வை செய்ததும் இதே பிள்ளைதான். ஆனால் இலக்கை நிர்ணயித்தவர்கள் 60 ஹெக்டேயரும் வருடம் முழுவதும் கொழுந்து தரும் என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள்.

6,000 கிலோவைக் கழித்தால் உண்மையான இலக்கு 66,000 கிலோ. வந்தது 64,000. அது 97 வீதம். ஆகவே கம்பெனியின் சொந்தப் படிவத்தின்படியே விளைச்சலுக்கு 25 புள்ளி கிடைக்க வேண்டும். மொத்தம் 67. தலைமைப் பண்பு எட்டிலேயே நின்றாலும் ஏற்றம் கிடைக்கிறது.

இதைத்தான் சொல்ல வந்தோம். படிவத்தில் வலிக்கிற எல்லா வரிகளோடும் சண்டை பிடிக்க வேண்டாம். முடிவை மாற்றக்கூடிய, எழுத்தில் நிரூபிக்கக்கூடிய ஒரு வரியைத் தேடுங்கள். அது விளைச்சலாக இருக்கலாம். சட்டப்படி எடுத்த மகப்பேற்று விடுமுறையை 'வரவு குறைவு' என்று கணக்கிட்டதாக இருக்கலாம். பக்கத்து டிவிசனுக்குக் கவ்வாத்துக் கழிவு கொடுத்து, நமக்கு மட்டும் கொடுக்காததாக இருக்கலாம். வருடத்தின் நடுவில் டிவிசன் மாற்றி, இன்னொருவர் காலத்துக் குறைவை இவர் கணக்கில் எழுதியதாகவும் இருக்கலாம். அப்படி ஒரு வரியும் கிடைக்காவிட்டால், அதையும் அந்தப் பிள்ளையிடம் நேர்மையாகச் சொல்லிவிடுவது நமது கடமை.

வழியைப் படிபடியாகப் பார்ப்போம்.

முதல் படி, கையொப்பம். படிவத்தைக் காட்டி 'சைன் பண்ணு' என்பார்கள். கையொப்பம் வைக்க மாட்டேன் என்று எழுந்துவந்தால், 'கலந்துரையாட மறுத்தார்' என்று எழுதிவிடுவார்கள். ஒன்றும் எழுதாமல் கையொப்பம் வைத்தால், 'ஏற்றுக்கொண்டார்' என்பார்கள். ஆகவே 'பார்வையிட்டேன், மதிப்பீட்டுடன் உடன்படவில்லை' என்று தன் கையால் எழுதி, திகதியிட்டு, அதன் கீழ் கையொப்பம் வைக்க வேண்டும். ஒரு பிரதியைக் கேட்க வேண்டும். தராவிட்டால் புள்ளிகளை அன்றைக்கே ஒரு கொப்பியில் குறித்து வைக்க வேண்டும்.

இரண்டாவது படி, மேன்முறையீட்டுக் கடிதம். கம்பெனியின் விதிகளில் இத்தனை நாளுக்குள் மேன்முறையிட வேண்டும் என்று இருந்தால் அந்த நாளைத் தவறவிடக் கூடாது. விதி இல்லாவிட்டாலும் இரண்டு கிழமைக்குள் எழுதிவிடுவது நல்லது. கடிதம் ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டாம். நமது வழக்கில் அது ஏறக்குறைய இப்படி இருக்கும்:

'எனது வருடாந்த மதிப்பீட்டில் விளைச்சல் என்ற தலைப்பில் 10 புள்ளிகள் வழங்கப்பட்டுள்ளன. இலக்காகக் கொள்ளப்பட்ட 72,000 கிலோவில், இவ்வருடம் கவ்வாத்து வெட்டப்பட்ட 12 ஹெக்டேயரில் கொழுந்து எடுக்கப்படாத ஐந்து மாதங்கள் கழிக்கப்படவில்லை. கழித்தால் எனது விளைச்சல் 97 வீதமாகும். ஆகவே இத்தலைப்பை மீளாய்வு செய்து, எனது சம்பள ஏற்றத்தை உரிய திகதியிலிருந்து வழங்குமாறு கேட்டுக்கொள்கிறேன். இலக்கு நிர்ணயிக்கப்பட்ட முறையையும், மற்ற டிவிசன்களுக்குக் கவ்வாத்துக் கழிவு வழங்கப்பட்டதா என்பதையும் எழுத்தில் அறியத் தரவும்.'

அந்தக் கடிதத்தில் கோபமும் இல்லை, கெஞ்சலும் இல்லை. ஓர் எண், ஒரு காரணம், ஒரு கோரிக்கை, இரண்டு கேள்வி. இதற்குப் பதில் எழுதாமல் இருப்பது துரைக்குக் கடினம். பதில் எழுதாவிட்டால் அந்த மௌனமும் பின்னால் நமக்கு உதவும். கடிதத்தைக் கையில் கொடுத்தால் பிரதியில் பெற்றுக்கொண்டதற்குக் கையொப்பம் வாங்குங்கள். இல்லாவிட்டால் பதிவுத் தபாலில் அனுப்புங்கள்.

மூன்றாவது படி, சங்கம். சங்கம் ஒருவருக்காகப் பேசவேண்டுமானால் அவர் அங்கத்தவராக இருக்க வேண்டும். மாதச் சம்பளத்துக்குப் போனதும் சந்தாவை நிறுத்திவிட்டு, பிரச்சினை வந்த அன்று அட்டை கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். அதைப் பற்றி உங்கள் தோட்டத்தில் இப்போதே பேசுங்கள். அவர் உத்தியோகத்தர் சங்கத்தில் அங்கத்தவராக இருந்தால் அந்தச் சங்கம் மூலமாகவே போகட்டும். நாம் இடையில் புகுந்து இழுபறிப்பட வேண்டாம். சங்கம் முதலில் தோட்ட மட்டத்திலும், பிறகு கம்பெனி மட்டத்திலும் பேசும். கூட்டு ஒப்பந்தத்தில் பிணக்குகளைத் தீர்க்க ஒரு முறை எழுதப்பட்டிருந்தால் அந்த முறையைக் கடந்துதான் வெளியே போக வேண்டும்.

நான்காவது படி, தொழில் திணைக்களம். இந்த இடத்தில்தான் பலர் வழி தவறுகிறார்கள். 'லேபர் கோட்டுக்குப் போவோம்' என்பார்கள். தொழில் நியாய சபையின் கதவு முக்கியமாக வேலைநீக்கப்பட்டவர்களுக்கும், வேலை முடிந்தபின் பணிக்கொடை முதலான கொடுப்பனவுகள் கிடைக்காதவர்களுக்கும் திறந்த கதவு. வேலையில் இருந்துகொண்டே, 'எனக்குச் சம்பள ஏற்றம் தரவில்லை' என்று ஒருவர் நேரடியாக அங்கே மனுப்போட முடியாது. ஆத்திரத்தில் ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு அங்கே போகலாம் என்று நினைப்பது இன்னும் ஆபத்து. 'தானாக விலகினார்' என்பதே கம்பெனியின் முதல் பதிலாக இருக்கும். ஏற்றத்துக்காக வேலையையே இழந்துவிடக் கூடாது.

சரியான கதவு 1950ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கக் கைத்தொழில் பிணக்குச் சட்டத்தின் வேறொரு பக்கத்தில் இருக்கிறது. அந்தச் சட்டத்தின்படி, வேலை நிபந்தனைகள் சம்பந்தமாக முதலாளிக்கும் ஒரே ஒரு தொழிலாளிக்கும் இடையில் வருகிற கருத்து வேறுபாடும் கைத்தொழில் பிணக்குத்தான். ஆயிரம் பேர் வேலைநிறுத்தம் செய்தால்தான் பிணக்கு என்பதல்ல. ஆகவே சங்கம் அதைப் பிரதேசத்துக்குரிய தொழில் அலுவலகத்துக்கு எழுத்தில் அறிவிக்கலாம். நியமனக் கடிதம், மதிப்பீட்டுப் படிவம், மேன்முறையீட்டுக் கடிதம், வந்த பதில், நமது வழக்கில் கவ்வாத்து விபரம், இவற்றின் பிரதிகளை இணைக்க வேண்டும்.

அங்கே நடப்பது வழக்கு அல்ல, சமரசப் பேச்சு. உத்தியோகத்தர் இரண்டு தரப்பையும் அழைத்துக் கேட்பார். அவருக்கு மதிப்பெண்ணை மாற்றி எழுதும் அதிகாரம் கிடையாது. இதை முன்கூட்டியே பிள்ளைக்குச் சொல்லி வையுங்கள். இல்லாவிட்டால் ஏமாற்றம் வரும். ஆனால் அவர் கேட்கிற கேள்விக்குப் பெறுமதி இருக்கிறது. 'அந்த வருடம் 12 ஹெக்டேயர் கவ்வாத்து வெட்டினீர்களா? இலக்கில் அதைக் கழித்தீர்களா?' என்று ஓர் அரசாங்க உத்தியோகத்தர் கேட்டால், துரை ஆம் அல்லது இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். 'இலக்கு தலைமைக் காரியாலயத்திலிருந்து வந்தது, நான் ஒன்றும் செய்ய முடியாது' என்றால், தலைமைக் காரியாலயத்திலிருந்து ஒருவரை அழைக்கும்படி நாம் கேட்கலாம்.

இந்த இடத்தில் பெரும்பாலும் ஒரு பேரம் வரும். 'பிரச்சினையை முடிப்போம். நல்லெண்ண அடிப்படையில் 15,000 ரூபா கொடுக்கிறோம்' என்பார்கள். ஒரு வருட ஏற்றமே 14,400 ரூபாதான், ஆகவே இலாபம் போலத் தெரியும். ஆரம்பத்தில் போட்ட கணக்கை இப்போது நினையுங்கள். அந்தப் படி திரும்பி வராவிட்டால் நட்டம் இரண்டு இலட்சத்துக்கு மேல். ஆகவே இணக்க எழுத்தில் நான்கு விடயம் இருக்க வேண்டும்: மதிப்பீடு திருத்தப்பட்டது என்பது, சம்பள ஏற்றம் எந்தத் திகதியிலிருந்து என்பது, நிலுவை எப்போது கொடுக்கப்படும் என்பது, அந்த நிலுவைக்கும் சேமலாப நிதியும் நம்பிக்கை நிதியும் கட்டப்படும் என்பது. பிறகு கையொப்பம் வையுங்கள்.

ஐந்தாவது படி, நடுத்தீர்ப்பு. சமரசம் சரிவராவிட்டால், இரண்டு தரப்பும் சம்மதித்தால் தொழில் ஆணையாளர் பிணக்கை நடுத்தீர்ப்பாளரிடம் பாரப்படுத்தலாம். கம்பெனி சம்மதிக்காவிட்டாலும், அதைச் சிறு பிணக்கு என்று கருதினால் தொழில் அமைச்சர் நடுத்தீர்ப்பாளருக்கோ தொழில் நியாய சபைக்கோ அனுப்பலாம். ஆகவே தொழில் நியாய சபை இந்த விடயத்தைக் கேட்கக்கூடிய ஒரு வழி இருக்கிறது. ஆனால் அது அமைச்சர் அனுப்பினால் மாத்திரம். அனுப்புவதா இல்லையா என்பது அவருடைய தீர்மானம். நடுத்தீர்ப்பாளர் இரு பக்கச் சாட்சியையும் கேட்டு, நீதியும் நியாயமும் என்று தனக்குத் தோன்றுகிற தீர்ப்பைக் கொடுப்பார். அது இரண்டு தரப்பையும் கட்டுப்படுத்தும். இதற்குக் காலம் எடுக்கும். சாட்சி சொல்ல வேண்டி வரும். மிகப் பெரும்பாலும் அங்கே வெல்வதைவிட, அங்கே போகத் தயாராகக் கோவை கட்டி வைத்திருக்கிறோம் என்பதே சமரச மேசையில் நமக்கு வேலை செய்யும்.

இந்த வழி எல்லோருக்கும் பொருந்தாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆசிரியராக, அரசாங்க உத்தியோகத்தராக இருக்கிற பிள்ளைகளுக்குக் கைத்தொழில் பிணக்குச் சட்டம் பொருந்தாது. அரசாங்கம் முதலாளியாக இருக்கும் இடத்தை அந்தச் சட்டம் விலக்கியிருக்கிறது. அவர்களின் சம்பள ஏற்றம் தாபன விதிக்கோவையின் கீழ் வருகிறது. மேன்முறையீடு திணைக்களத் தலைவர் வழியாக, அவர்களுக்குரிய அரசாங்க சேவை ஆணைக்குழுவுக்குப் போகும். ஜனவசம, அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனம் போன்ற அரசாங்க நிறுவனங்களில் இருப்பவர்களுக்கோ தொழில் திணைக்களமும் உண்டு. பாரபட்சம் என்றால் அடிப்படை உரிமை மனுவும் உண்டு. ஆனால் அந்த மனுவுக்கு ஒரு மாதம்தான் தவணை. அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு கொடுத்தால், அங்கே விசாரணை நிலுவையில் இருக்கும் காலம் தவணைக் கணக்கில் சேராது. தனியார் கம்பெனிக்கு எதிராக இந்த வழி கிடையாது. ஆகவே முதலாளி யார் என்பதை முதல் நாளே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

நாட்சம்பளத் தோழர்கள், 'இதில் நமக்கு என்ன?' என்று கேட்கலாம். சம்பளச் சபை தீர்மானித்து வர்த்தமானியில் வந்த ஆகக்குறைந்த சம்பளத்தை எந்த மதிப்பெண்ணாலும் குறைக்க முடியாது. அது சட்டம் கொடுத்த சம்பளம். ஆனால் அதற்கு மேல் வருகிற ஊக்கத்தொகை பெரும்பாலும் இலக்கு, அளவு, மதிப்பீடு என்ற சொற்களோடுதான் வருகிறது. இலக்கை யார் வைத்தார், கவ்வாத்து மலையைக் கழித்தாரா, மழை நாளைக் கழித்தாரா, எல்லோருக்கும் ஒரே அளவா என்ற அதே கேள்விகளை நாளை பெரட்டுக்களத்திலும் கேட்க வேண்டி வரும். இன்று பிள்ளைகளுக்காகக் கற்றுக்கொள்வது அங்கேயும் உதவும்.

ஒரு வேலையை உங்களிடம் ஒப்படைத்து முடிக்கிறோம். உங்கள் தோட்டத்தில் மாதச் சம்பளத்தில் இருக்கிற நமது அங்கத்தவர்களின் நியமனக் கடிதத்தை வாங்கி, சம்பள ஏற்றம் பற்றிய வரியைத் தேடுங்கள். மேலே சொன்ன மூன்று விதத்தில் அது எது என்று பெயருக்கு நேராகக் குறித்துக்கொண்டு அடுத்த வகுப்புக்கு வாருங்கள். மதிப்பீட்டுப் படிவம் வருவதற்கு முன்னால் அந்த வரியைத் தெரிந்து வைத்திருந்தால், படிவம் வருகிற அன்று என்ன எழுதிக் கையொப்பம் வைப்பது என்பதும் தெரிந்திருக்கும்.